ஆயிரம் நடையர்களா, ஒரே நெடுநடையா? எழுமாற்று நடையின் பரவலை அளக்கும் இரு வழிகள்

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு நான் நடத்தும் மாலை வகுப்பில், எழுமாற்று நடையின் பரவல் அடிகளின் எண்ணிக்கையோடு எவ்வாறு வளர்கிறது என்பதைக் கணினியில் ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்றையொன்று சாராத பல நடையர்களை ஒரே இடத்திலிருந்து புறப்படச் செய்து, குறித்த அடிகளுக்குப் பின் அவர்கள் எவ்வளவு சிதறி நிற்கிறார்கள் என்று பார்க்கலாம். அல்லது ஒரே ஒருவரை மிக நெடுந்தூரம் நடக்கவிட்டு, அந்தத் தடத்தின் மேல் ஒரு சாளரத்தை நகர்த்தி, சாளரத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான இடப்பெயர்ச்சிகளைத் திரட்டலாம். நான் முதலில் நெடுநடையைத்தான் தேர்ந்தேன். ஒரு தவணை கழிந்ததும் பல நடையர்களுக்கு மாறினேன். இப்போதும் அதையே விரும்புகிறேன். இந்த ஒப்பீடு அந்தச் சார்போடுதான் எழுதப்படுகிறது.

மாணவர்களுக்கு நடையை விளக்கும்போது நான் தோட்டப் பாதையையே எடுத்துக்கொள்வேன். தோட்டப் பிரிவுகளான மேற்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் நடுவில் ஒருவர் நிற்கிறார். காசைச் சுண்டி, தலை விழுந்தால் மேற்கணக்குப் பக்கம் ஓரடியும் பூ விழுந்தால் கீழ்க்கணக்குப் பக்கம் ஓரடியும் வைக்கிறார். ஒவ்வோர் அடியும் +1 அல்லது −1 என்பதால் அதன் இடை 0, மாறற்றிறன் 1. அடிகள் ஒன்றையொன்று சாராததால் மாறற்றிறன்கள் கூடிக்கொண்டே போகின்றன. n அடிகளுக்குப் பின் மாறற்றிறன் n ஆகவும் நியமவிலகல் √n ஆகவும் இருக்கும். 100 அடிகளில் பரவல் 10, 400 அடிகளில் 20. பரவல் இரட்டிப்பாக வேண்டுமானால் நான்கு மடங்கு அடிகள் வேண்டும். ஒப்பிடப்படும் இரு வழிகளும் இந்த √n வளர்ச்சியைத்தான் கண்ணுக்குக் காட்ட முயல்கின்றன.

இரண்டையும் நேர்மையாக ஒப்பிட, ஒரே பத்து இலட்சம் காசுச் சுண்டல்களையே இரண்டுக்கும் கொடுத்தேன். முதல் வழியில் அவை 1000 நடையர்களுக்கு ஆளுக்கு 1000 அடிகளாகப் பிரிகின்றன. இரண்டாவதில் அதே அடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு ஒரே நடையாகின்றன.

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
M, n = 1000, 1000
steps = 2*rng.integers(0, 2, size=(M, n)) - 1

# பல நடையர்கள்
pos = steps.cumsum(axis=1)
spread = pos.std(axis=0)

# ஒரே நெடுநடை
x = np.concatenate(([0], steps.ravel().cumsum()))
lag = 1000
d = x[lag:] - x[:-lag]
msd = (d**2).mean()
```

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய மடிக்கணினியிலும் இரண்டும் உடனே முடிகின்றன. எழுதும் வரிகளும் ஏறக்குறைய சமம். நான் மாறியதற்குக் காரணம் வேறு: கிடைத்த எண்ணில் எவ்வளவு வழு இருக்கக்கூடும் என்பதை எந்த வழி ஒளிக்காமல் சொல்கிறது என்பதே அது.

மேலே உள்ள நெடுநடையில் 1000 அடிச் சாளரத்தை ஒவ்வோர் அடியாக நகர்த்தினால் 999,001 இடப்பெயர்ச்சிகள் கிடைக்கும். முதல் வழியில் 1000 அடிகளின் முடிவில் நமக்குக் கிடைப்பவை வெறும் 1000 எண்கள். பார்த்தவுடன் நெடுநடை ஆயிரம் மடங்கு தகவல் தருவதாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த 1000 எண்களும் 999,001 எண்களுக்குள்ளேயே இருக்கின்றன. 0, 1000, 2000 என ஆயிரங்களில் தொடங்கும் சாளரங்கள் தருபவை, தனித்தனி நடையர்களின் இறுதி இடப்பெயர்ச்சிகளேதான். எஞ்சியவை அவற்றுக்கு இடையில் விழும் சாளரங்கள். அடுத்தடுத்த இரு சாளரங்கள் தமக்குள் 999 அடிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று பெரிதாக இருந்தால் மற்றதும் பெரிதாகவே இருக்கும். புதிய காசுச் சுண்டல் எதுவும் அங்கே நடக்கவில்லை.

ஒன்றையொன்று சாராத M நடையர்களிலிருந்து கணித்த மாறற்றிறனின் சார்பு வழு ஏறத்தாழ √(2/M). 1000 நடையர்களுக்கு அது 4.5 சதவீதம், நியமவிலகலுக்கு அதில் பாதி, அதாவது சுமார் 2.2 சதவீதம். 1000 அடிகளில் எதிர்பார்க்கும் பரவல் 31.6 என்பதால், எழுமாற்று எண்களைத் தொடங்கிவைக்கும் விதையை மாற்றி மாற்றி ஓட்டும்போது விடை 0.7 அளவு மேலும் கீழும் ஆடுவது இயல்பு. நெடுநடையில் N அடிகள் இருந்து, n அடிச் சாளரம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நகருமானால், Nஐவிட n மிகச் சிறிதாக இருக்கும்வரை மாறற்றிறனின் சார்பு வழு √(4n/3N) ஆகிறது. நம் கணக்கில் அது 3.7 சதவீதம். ஆகவே 999,001 எண்கள் உண்மையில் 1500 சாரா எண்களின் மதிப்பையே பெறுகின்றன. நெடுநடை சற்றே மேம்பட்டது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அதே அடிகளிலிருந்து ஒன்றரை மடங்கு பயனைப் பிழிந்தெடுக்கிறது.

நீண்ட சாளரங்களில்தான் சிக்கல் வருகிறது. அதே நடையில் 100,000 அடிச் சாளரம் வைத்தால் 900,001 எண்கள் கிடைக்கும். அவை அனைத்தும் சாரா எண்கள் என்று நம்பி வழுவைக் கணித்தால் 0.15 சதவீதம் என்று வரும். உண்மையான வழு சுமார் 38 சதவீதம். அந்த ஒன்பது இலட்சம் எண்களின் மதிப்பு சுமார் 14 சாரா எண்கள் மட்டுமே. அதைவிடக் கெடுதியானது, அருகருகே உள்ள நீளங்களின் வழுக்கள் சேர்ந்தே ஆடுவதால் வரைபு நடுங்குவதில்லை. வழவழப்பான கோடாகவே மேலே வளைகிறது அல்லது கீழே வளைகிறது. என் வகுப்பில் மடக்கை அச்சுகளில் வரைந்த கோடு வலது முனையில் அழகாகத் தாழ்ந்தபோது, "சேர், தூரம் போகப் போக பரவல் வளர்வது குறைகிறதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். கேள்வி நியாயமானது, ஏனெனில் கோட்டில் ஐயத்துக்கு இடமே தெரியவில்லை. விதையை மாற்றி ஓட்டினேன். இம்முறை அதே முனை மேலே போனது. அன்றைக்குத்தான் வழியை மாற்ற முடிவு செய்தேன்.

பத்து இலட்சம் அடிகளை 100,000 அடி நடக்கும் நடையர்களுக்குப் பங்கிட்டால் பத்துப் பேர்தான் தேறுவார்கள்; மாறற்றிறனின் வழு 45 சதவீதம், அதாவது நெடுநடையைவிட மோசம். இருந்தாலும் பத்துப் பேர் மட்டுமே இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அந்த எண்ணிக்கையைப் பார்த்து யாரும் 316 என்ற விடையை மூன்று இலக்கம் வரை நம்பமாட்டார்கள். நெடுநடையில் 900,001 என்று திரையில் தெரியும் எண் அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. ஒரு மாணவனுக்கு முதன்முதலில் காட்டும்போது இந்த வேறுபாட்டையே நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன்.

பல நடையர் வழியிலும் இதே பொறி சிறிய அளவில் உண்டு. `spread` என்ற அணியில் 500ஆம் அடியின் பரவலும் 600ஆம் அடியின் பரவலும் அதே 1000 நடையர்களிடமிருந்தே வருகின்றன. 500இல் அவர்கள் தற்செயலாக அதிகம் சிதறியிருந்தால் 600இலும் அப்படியே இருப்பார்கள். எனவே மடக்கை அச்சுகளில் 1000 புள்ளிகளுக்கும் ஒரு நேர்கோட்டைப் பொருத்தி, அதன் படித்திறன் 0.5க்கு மிக அருகில் என்று பொருத்தும் ஆணையே தரும் வழுவோடு சொல்வது தவறு. நான் 10, 30, 100, 300, 1000 என ஐந்து நீளங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் புதிய நடையர்களை ஓட்டுகிறேன். பிறகு முழு வேலையையும் இருபது விதைகளோடு திரும்பச் செய்து, படித்திறன் எவ்வளவு ஆடுகிறது என்று நேரடியாகப் பார்க்கிறேன். நெடுநடையிலும் விதையை மாற்றிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. ஆனால் அப்படி இருபது நெடுநடைகளை ஓட்டும்போது நாம் முதல் வழிக்கே வந்துவிடுகிறோம்.

படித்திறனை மட்டும் பார்த்து நிறைவடையக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. `rng.integers` மேல் எல்லையைச் சேர்த்துக்கொள்வதில்லை. −1, +1 வேண்டும் என்று எண்ணி `rng.integers(-1, 2)` எழுதினால் −1, 0, +1 மூன்றும் வரும். மாறற்றிறன் ஓரடிக்கு 2/3 ஆகக் குறைந்து, 1000 அடிகளில் பரவல் 31.6க்குப் பதிலாக 25.8 ஆகிறது. `rng.integers(-1, 1)` எழுதினால் −1, 0 மட்டுமே வரும். எல்லோரும் கீழ்க்கணக்குப் பக்கமாகவே சராசரியாக 500 அடி நகர்ந்து, அந்த இடத்தைச் சுற்றி 15.8 அளவு சிதறுவார்கள். இரண்டு தவறுகளிலும் இடையைக் கழித்துக் கணித்த நியமவிலகலின் படித்திறன் 0.5 ஆகவே நிற்கும். பிழையைக் காட்டிக்கொடுப்பவை பரவலின் மட்டமும் `pos.mean(axis=0)` தரும் சராசரியுமே. பல நடையர் வழியில் இரண்டும் ஒரே அணியிலிருந்து உடனே கிடைக்கின்றன. நெடுநடையில் `d**2`இன் சராசரியை எடுத்தால் நகர்வும் சிதறலும் ஒன்றாகக் கலந்துவிடும். அவற்றைப் பிரிக்க `d.mean()`, `d.var()` இரண்டையும் தனியாகக் கேட்க வேண்டும்.

நெடுநடை தவிர வேறு வழியில்லாத இடமும் உண்டு. நுணுக்குக்காட்டியில் ஒரு துகளின் தடம் பதிவாகி, அது ஒன்றே கையில் இருந்தால், அதன்மேல் சாளரத்தை நகர்த்தத்தான் வேண்டும். அப்போது சாளரத்தின் நீளத்தை மொத்தப் பதிவின் பத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாக வைத்துக்கொள்வதும், அடிகளின் தன்மை பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாதி பாதியாகப் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். அத்தகைய உண்மைப் பதிவுகளோடு எனக்குப் பழக்கம் குறைவு என்பதால், இந்தப் பகுதியில் என் சொல்லை ஒரு தொடக்கமாக மட்டும் கொள்ள வேண்டும்.

பல நடையர் வழியின் மெய்யான விலை நினைவகம். 10,000 பேர் 10,000 அடி நடந்தால், ஓர் எண்ணுக்கு எட்டு பைட் வீதம் `pos` மட்டுமே 800 மெகாபைட் ஆகும். `steps` இன்னொரு 800. வகுப்பில் உள்ள 4 கிகாபைட் கணினி அங்கே திணறியது. முழுத் தடமும் தேவைப்படாதபோது நான் நடையர்களின் தற்போதைய இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகக் கூட்டுகிறேன்:

```python
pos = np.zeros(M, dtype=np.int64)
for k in range(1, n + 1):
    pos += 2*rng.integers(0, 2, size=M) - 1
    if k in (10, 100, 1000, 10000):
        print(k, pos.mean(), pos.std())
```

இதில் மேலே சொன்னபடி நீளத்துக்கு நீளம் புதிய நடையர்கள் இல்லை. ஆகவே பரவலின் மட்டத்தைச் சரிபார்க்க மட்டும் இதைப் பயன்படுத்துகிறேன். M, n இரண்டும் 10,000 ஆக இருக்கும்போது கடைசி வரியில் சராசரி 0க்கு இருபுறமும் 1 அளவுக்குள்ளும், பரவல் 100க்கு இருபுறமும் 0.7 அளவுக்குள்ளும் பெரும்பாலும் வரும். அதைவிட மூன்று மடங்கு விலகினால், கோட்பாட்டைச் சந்தேகிக்கும் முன் `integers` வரியைத்தான் முதலில் திறந்து பார்க்கிறேன்.