180 வீடுகளுக்கு ஒரு செய்தி: நான்கு வழிகளின் ஒப்பீடு

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று இருக்கிறது. பழம் பறித்து, தோல் நீக்கி, காயவைத்து, வறுத்து முடித்ததும் புதிய பொடி தயார் என்பதைச் சுமார் 180 வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் தெரிவிப்பது என் பொறுப்பு. முதல் ஆண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். ஒரு செய்திக்கு ஐந்தாறு நிமிடங்கள் ஆயின. 60 வீடுகளைத் தாண்டுவதற்குள் முன்னவருக்கு என்ன எழுதினோம் என்பதே மறந்துவிட்டது. அதன் பிறகு நான்கு வழிகளை மாறி மாறிக் கையாண்டிருக்கிறேன். சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் ஒரே வாடிக்கையாளரை முன்னிறுத்தி அவற்றை இங்கே ஒப்பிடுகிறேன். அவரைக் கலா அக்கா என்று வைத்துக்கொள்வோம். அவர் சிக்கரி சேர்க்காத பொடி வாங்குபவர். சென்ற ஆண்டு, பழத்துக்குள் ஒற்றைக் கொட்டையாக உருண்டு விளையும் பீபெரி கேட்டார், அது அப்போது தீர்ந்துபோயிருந்தது.

முதல் வழி, பிராட்காஸ்ட் பட்டியலில் எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்புவது. "அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டுப் புதிய காப்பிப்பொடி தயாராகிவிட்டது. வேண்டுவோர் அளவைத் தெரிவிக்கவும்" என்று எழுதி ஒரு முறை அழுத்தினால் வேலை முடிந்தது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் எங்கள் அளவுக்கு அது போதும். ஆனால் நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். இதை அறியாமல், பதில் வராதவர்களுக்கு விருப்பமில்லை என்று ஓர் ஆண்டு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒற்றை டிக் நாள்கணக்கில் மாறாமல் நின்றால் இதையும் ஒரு காரணமாகச் சந்தேகிக்க வேண்டும். இந்த வழியில் நான் மதிப்பது ஒன்று உண்டு: பொதுச் செய்தி தன்னைப் பொதுச் செய்தியாகவே காட்டிக்கொள்கிறது, யாரையும் ஏமாற்றுவதில்லை.

இரண்டாவது வழி, முந்தையவருக்கு அனுப்பியதை எடுத்துத் திருத்தி அடுத்தவருக்கு அனுப்புவது. பெரும்பாலானோர் செய்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். முதல் பத்துப் பேருக்கு இது அழகாக ஓடும். பிறகு கண் பழகிவிடுகிறது. பெயரை மாற்றிவிட்டு, நடுவில் இருக்கும் "உங்கள் மகளின் கல்யாணத்துக்கு வாங்கிய 5 கிலோ" என்ற வரியை அப்படியே விட்டுவிடுகிறோம். ஒருவர் வீட்டுச் செய்தி மற்றொருவருக்குப் போய்விடுகிறது. இதை ஒரு முறை செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டதிலிருந்து இந்த வழியைப் பத்துப் பேருக்கு மேல் நான் பயன்படுத்துவதில்லை. அதைப் பற்றி மேலும் சொல்ல எதுவும் இல்லை.

மூன்றாவது வழிதான் நீண்ட பேச்சுக்கு உரியது. கூகுள் ஷீட்டில் பெயர், ஊர், அளவு என்று நெடுவரிசைகளை வைத்து, மாதிரிச் செய்தியில் அந்தந்த இடத்தில் அவை தாமாக நிரம்பும்படி செய்வது. ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் சிக்கலின்றி நடக்கிறது, ஏனென்றால் அங்கே பெயர்ச்சொல் எந்த இடத்தில் விழுந்தாலும் உருமாறுவதில்லை. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் பெயர் புகுத்திய இடம் உடனே பல்லைக் காட்டுகிறது. மாதிரியில் பெயருக்குப் பின் "க்கு" என்று எழுதி வைத்தால் லட்சுமிக்குச் சரியாக வரும். முருகனோ "முருகன்க்கு" ஆகிவிடுவார், கலா "கலாக்கு" ஆகிவிடுவார். ஊர்ப் பெயரும் இப்படித்தான். ஆத்தூர், ஓமலூர் போன்றவற்றோடு "இல்" சேர்த்தால் ஆத்தூரில் என்று வராது, "ஆத்தூர்இல்" என்றே நிற்கும். சேலமும் ஈரோடும் சேலத்தில், ஈரோட்டில் என்று மாறியாக வேண்டும். "ஈரோடுஇல்" என்று ஒரு செய்தியில் படித்தவர், மீதி வரிகள் எவ்வளவு அன்பாக இருந்தாலும், இது இயந்திரம் நிரப்பியது என்று முடிவுகட்டிவிடுவார்.

இதைவிடப் பெரிய குறை விளிப்பதில் இருக்கிறது. நம் ஊரில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "கலா, வணக்கம்" என்று என் வயதுள்ளவன் எழுதினால் அது நெருக்கமாகத் தோன்றாது. மரியாதைக் குறைவாகவே படும். எல்லாப் பெயருக்குப் பின்னும் "அவர்களுக்கு" என்று சேர்த்துவிட்டால் உருபுச் சிக்கலும் மரியாதைச் சிக்கலும் ஒருசேரத் தீர்கின்றன என்பது உண்மையே. ஆனால் பத்து ஆண்டுகளாக அக்கா என்று அழைத்தவரைத் திடீரென்று "கலா அவர்களுக்கு" என்று அழைத்தால், என்ன மனத்தாங்கல் என்று அவர் யோசிப்பார். போதாக்குறைக்கு, கைபேசியில் நாம் சேமித்து வைத்திருக்கும் பெயர்கள் நமக்காக எழுதிக்கொண்ட அடையாளங்கள். அவற்றை அப்படியே ஷீட்டுக்கு ஏற்றினால் "பேங்க் முருகன், வணக்கம்" என்றுதான் போகும்.

ஆகவே இந்த வழியில் கலா அக்காவுக்குப் போகும் செய்தி, "கலா அவர்களுக்கு வணக்கம். உங்களுக்காகவே புதிய பொடி தயாராகிவிட்டது" என்ற அளவில் நிற்கும். பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. "உங்களுக்காகவே" என்ற சொல் 180 பேருக்கும் போயிருக்கிறது என்பது அவருக்கும் அஸ்தம்பட்டியில் இருக்கும் அவருடைய தங்கைக்கும் இடையே ஒரு பேச்சு நடந்தால் வெளிப்பட்டுவிடும். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் உறவு அல்லது பக்கத்து வீடு. இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பார்த்தாலும் கூச்சப்பட இடமில்லாதபடி எழுத வேண்டும் என்பதை நான் இதிலிருந்துதான் உணர்ந்தேன்.

நான்காவது வழி மூன்றாவதன் திருத்தம். சொல்லுக்கு நடுவே எதையும் புகுத்தாமல், முழு வாக்கியங்களை மட்டுமே கட்டங்களில் வைப்பது. முதல் நெடுவரிசையில் பெயருக்குப் பதிலாக, நான் அவரை நேரில் எப்படி அழைப்பேனோ அந்த விளியையே எழுதுகிறேன்: கலா அக்கா, சார், பெரியம்மா, தம்பி. இரண்டாவதில் அவருக்கு மட்டும் பொருந்தும் ஒரு தனி வரி. மூன்றாவதில் அவருடைய வழக்கமான அளவைக் கேட்கும் வாக்கியம். நான்காவதில் வாங்கும் வகை; இதில் மொத்தம் மூன்றே வாக்கியங்கள்தாம், ஒன்று சேலத்துக் கடையில் வாங்குவோருக்கு, ஒன்று கூரியரில் பெறுவோருக்கு, ஒன்று தோட்டத்துக்கே வருவோருக்கு. ஐந்தாவது கட்டம் இவற்றைக் கோக்கிறது:

```
=A2&", வணக்கம். "&IF(B2="","",B2&" ")&"இந்த ஆண்டுப் புதிய பொடி தயாராகிவிட்டது. "&IF(C2="","",C2&" ")&D2
```

IF எதற்கு என்றால், தனி வரி இல்லாதவருக்கு அந்த இடம் காலியாக இருந்தாலும் செய்தி குறையின்றிப் படிக்கப்பட வேண்டும் என்பதற்காகத்தான். இப்போது கலா அக்காவுக்கு இப்படிப் போகிறது:

"கலா அக்கா, வணக்கம். போன ஆண்டு நீங்கள் கேட்டபோது பீபெரி தீர்ந்துபோயிருந்தது. இந்த முறை வறுத்தவுடனே ஒரு கிலோவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். இந்த ஆண்டுப் புதிய பொடி தயாராகிவிட்டது. சிக்கரி இல்லாமல், வழக்கம்போல அரைக் கிலோதானே? சனிக்கிழமை முதல் அம்மாப்பேட்டைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்."

இதில் நான் அவருக்கென்று புதிதாக எழுதியது பீபெரி பற்றிய அந்தத் தனி வரி மட்டுமே. ஆனாலும் அது விளிக்கு அடுத்தபடியாக, செய்தியின் தொடக்கத்திலேயே வருவதால், பின்னால் வரும் பொது வரிகளும் அவரிடம் சொல்வது போலவே படிக்கப்படுகின்றன. அதே வரியைக் கடைசியில் வைத்துப் பார்த்தேன். பொது அறிவிப்புக்குக் கீழே ஒட்டிய பின்குறிப்பு போலத் தோன்றியது. பொதுவானதைச் சொல்லும் வரி பொதுவாகவே இருக்கிறது, பொடி தயார் என்பது எல்லாருக்கும் ஒன்றுதானே. அந்த ஒரு கிலோ பீபெரியை உண்மையிலேயே எடுத்து வைத்த பிறகுதான் அந்த வரியை எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டும். எடுத்து வைக்காமல் அதை எழுதினால், இதுவும் "உங்களுக்காகவே" என்ற சொல்லின் இன்னொரு வடிவமாகிவிடும்.

தனி வரிக்கு ஆகும் நேரம் சராசரியாக ஒரு நிமிடம். ஆனால் அந்த நிமிடத்துக்குத் தேவையான செய்தி கையில் இருக்க வேண்டும், அதை அனுப்பும் நாளில் யோசித்து எடுக்க முடியாது. ஒவ்வொரு முறை ஒருவர் பேசும்போதும், பொடி அடுத்த முறை கொஞ்சம் நைசாக வேண்டும் என்றாரா, ஈரோட்டுக்கு வீடு மாறப் போகிறோம் என்றாரா, அதை அன்றைக்கே தேதியோடு ஷீட்டில் குறித்துவிடுகிறேன். சென்ற முறை 180 பேரில் ஏறக்குறைய 110 பேருக்குத்தான் அப்படிச் சொல்ல ஏதாவது இருந்தது. மற்றவர்களுக்கு இரண்டாவது கட்டத்தைக் காலியாகவே விட்டேன். அந்த இடத்தை நிரப்புவதற்காக "நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்" போன்ற ஒன்றை வைப்பதைவிடக் காலி இடம் மேலானது.

செய்முறையில் இரண்டு இடங்களில் தடுமாறினேன். செய்திக்குள் வரி பிரித்து எழுதிய கட்டத்தை நகலெடுத்து ஒட்டும்போது, தொடக்கத்திலும் முடிவிலும் இரட்டை மேற்கோள்குறி சேர்ந்துவந்துவிட்டது. கவனிக்காமல் அனுப்பினால் எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது என்பதை அந்தக் குறிகளே சொல்லிவிடும்; அதனால் இப்போது வரி பிரிக்காமல் ஒரே பத்தியாகவே வைத்துக்கொள்கிறேன். மற்றொன்று கேள்வி பற்றியது. "அரைக் கிலோதானே?" என்று 180 பேரிடம் ஒரே நாளில் கேட்டால், அன்று மாலைக்குள் நூறு பதில்கள் வந்து நிற்கின்றன. தனியாக எழுதியது போன்ற செய்திக்குத் தனியாகப் பதில் எழுதியவர், தம் பதிலுக்கு இரண்டு நாள் மறுமொழி வராதபோது அதிகமாகவே வருந்துவார். பிராட்காஸ்டில் இந்தச் சுமை இல்லை. ஆகையால் நாளொன்றுக்கு 25 பேருக்கு மட்டும் அனுப்புகிறேன்; பொடியும் அந்த வேகத்தில்தான் வறுபடுகிறது.

நான்காவது வழியையே நான் தேர்ந்தாலும், அது தவறும்போது மற்ற மூன்றையும்விடக் கடுமையாகத் தவறுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குறித்து வைத்திருந்ததை நம்பி, "அப்பாவுக்குப் பிடித்தபடி இந்த முறை சற்று அதிகமாக வறுத்திருக்கிறோம்" என்று ஒரு வீட்டுக்கு எழுதினேன். அந்த அப்பா ஐந்து மாதங்களுக்கு முன் காலமாகியிருந்தார். பொதுச் செய்தி போயிருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் மனம் நொந்திருக்காது. அதற்குப் பிறகு ஷீட்டில் கடைசியாகப் பேசிய தேதிக்கு ஒரு நெடுவரிசை சேர்த்தேன். அந்தத் தேதி ஓர் ஆண்டைத் தாண்டியிருந்தால் மனிதர்களைப் பற்றிய குறிப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை எடுப்பதில்லை. பொடியைப் பற்றிய குறிப்பை மட்டுமே பயன்படுத்துகிறேன்.

அந்த வீட்டின் வரிசையில் இப்போது ஐந்தாவது கட்டம் காலியாக இருக்கிறது. தனி வரிக்கான கட்டத்தில் "பேசவும்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பொடி வறுத்த அன்று மாலை அவர்களைத் தொலைபேசியில் அழைத்துவிடுகிறேன்.