ஜிஏபி நீண்டகாலப் பயன்பாடு: மேட்டு ஓட்டத்தைச் சமதள ஓட்டத்தோடு ஒப்பிடும்போது தவறு நுழையும் இடம் இறக்கம்தான்

சரிவுக்கு ஏற்பத் திருத்திய பேஸ், அதாவது ஜிஏபி, இன்று பல கடிகாரங்களிலும் செயலிகளிலும் தானாகவே வந்துவிடுகிறது. வாரக் கடைசி நீண்ட ஓட்டம் ஒரு வாரம் மேட்டிலும் மறுவாரம் சமதளத்திலும் அமையும்போது இரண்டையும் ஒப்பிட அதைத்தான் பார்க்கிறோம். நீண்ட காலம் பயன்படுத்திய பிறகு சொல்லக்கூடியது இது: ஏற்றத்துக்கு வரும் திருத்தத்தைப் பெரும்பாலும் நம்பலாம். இறக்கத்துக்கு வரும் திருத்தத்தை அப்படியே நம்பக் கூடாது. செயலி தரும் ஒற்றை எண்ணைவிட, கணக்கை நாமே போட்டு இறக்கத்தின் பங்கை நமக்கேற்ப அமைத்துக்கொண்டால்தான் ஒப்பீடு உருப்படியாக வரும்.

கணக்கின் அடிப்படை எளியது. ஒரு மீட்டர் ஓட ஒரு கிலோ உடல் எடைக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதை, 2002-ல் மினெட்டி குழுவினர் மலை ஓட்டக்காரர்களை டிரெட்மில்லில் ஓடவைத்து அளந்தார்கள். 45 சதவீத இறக்கம் முதல் 45 சதவீத ஏற்றம் வரை அளந்து ஒரு சமன்பாடு தந்தார்கள். அதன்படி சமதளத்தில் செலவு 3.6 ஜூல். மற்றச் சரிவுகளின் செலவை இந்த 3.6-ஆல் வகுத்தால் ஒரு காரணி கிடைக்கும். 4 சதவீத ஏற்றத்தில் அது 1.24, அதாவது அங்கே ஓடிய 1 கி.மீ., சமதளத்தில் 1.24 கி.மீ. ஓடியதற்குச் சமம். 4 சதவீத இறக்கத்தில் 0.80.

ஓட்டத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் தூரத்தையும் அதன் காரணியால் பெருக்கிக் கூட்டினால் 'சமதளத்துக்கு இணையான தூரம்' வரும். மொத்த நேரத்தை அதனால் வகுத்தால் ஜிஏபி. ஒவ்வொரு கி.மீ.க்கும் செயலி காட்டும் ஜிஏபியை வரிசையாகக் கூட்டிச் சராசரி எடுப்பவர்கள் உண்டு. அது தப்பு, எவ்வளவு தப்பு என்பது கீழே வரும் கணக்கில் தெரியும்.

20 கி.மீ. ஓட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் 6 கி.மீ. சமதளம், கி.மீ.க்கு 6:00. அடுத்த 7 கி.மீ. சீரான 4 சதவீத ஏற்றம், 7:00. அதே பாதையில் திரும்பும் 7 கி.மீ. இறக்கம், 5:24. மொத்த நேரம் 2:02:48, சராசரி பேஸ் 6:08. ஏற்றத்துக்கு இணையான தூரம் 8.66 கி.மீ., இறக்கத்துக்கு 5.63 கி.மீ. சமதள 6 கி.மீ.யையும் சேர்த்தால் 20.29 கி.மீ. ஜிஏபி 6:03.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 280 மீட்டர் ஏறி இறங்கிய ஓட்டத்துக்கு வெறும் 5 நொடிதானா திருத்தம்? சமன்பாட்டின்படி அதுதான் சரி. ஏற்றத்தில் தந்த சலுகையைக் கிட்டத்தட்ட முழுவதுமாக இறக்கத்தில் அது திரும்ப எடுத்துக்கொள்கிறது. (பகுதிகளின் ஜிஏபியைத் தூரத்துக்கேற்பச் சராசரி எடுத்திருந்தால் 6:08 என்று வந்திருக்கும், திருத்தமே காணாமல் போயிருக்கும்.)

பகுதி பகுதியாகப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஏற்றத்தின் ஜிஏபி 5:40, இறக்கத்தின் ஜிஏபி 6:43. ஆனால் அந்த இறக்கத்தில் இதயத் துடிப்பு சமதளத்தில் 6:00-க்கு இருந்த அளவிலேயே இருந்தால், 6:43 என்பது நடந்ததைச் சொல்லவில்லை. ஆற்றல் செலவு குறைந்த அளவுக்கு வேகம் கூடுவதில்லை என்பதுதான் காரணம். ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டபடியே உடலைப் பிடித்து நிறுத்துகிறது. பாதையைப் பார்த்துக் கால் வைக்க வேண்டியிருக்கிறது. அடியின் வீச்சுக்கும் ஒரு வரம்பு உண்டு. டிரெட்மில்லில் அளந்த ஆற்றல் செலவு இதையெல்லாம் கணக்கில் கொள்வதில்லை. ஸ்ட்ராவா 2017-ல் தன் ஜிஏபியை இதயத் துடிப்புத் தரவின் அடிப்படையில் மாற்றியமைத்தபோது இறக்கத்துக்கான திருத்தம் குறைந்ததும் இதை ஒட்டியதுதான். ஆகவே ஒரே ஓட்டத்துக்கு இரண்டு செயலிகள் இரண்டு ஜிஏபி காட்டினால், முதலில் இறக்கத்தைப் பாருங்கள்.

இதற்கு நடைமுறையில் நன்றாக வேலை செய்யும் வழி, இறக்கத்துக்கான கழிவை k என்ற ஒரே எண்ணால் சுருக்குவது. k = 1 என்றால் அசல் சமன்பாடு; k = 0.5 என்றால் பாதிதான் கழிக்கப்படும்.

```python
def f(i, k=0.5):
    i = max(-0.30, min(0.30, i))
    c = (155.4*i**5 - 30.4*i**4 - 43.3*i**3
         + 46.3*i**2 + 19.5*i + 3.6)
    r = c / 3.6
    return r if r >= 1 else 1 - k*(1 - r)

# GAP = time / sum(d * f(h/d))
```

இதில் i என்பது சரிவு. 4 சதவீத ஏற்றம் என்றால் 0.04. h உயர வேறுபாடு, d துண்டின் தூரம். 30 சதவீதத்துக்கு மேல் வரும் சரிவு சாலை ஓட்டத்தில் பெரும்பாலும் அளவீட்டுப் பிழைதான் என்பதால் அங்கே வெட்டிவிடுகிறோம்.

உங்கள் k எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. 3 அல்லது 4 சதவீதத்தில் சீராக இறங்கும் நீண்ட பாதை ஒன்று வேண்டும். நன்றாகச் சூடான பிறகு சமதளத்தில் 10 நிமிடம், இறக்கத்தில் 10 நிமிடம், இரண்டையும் ஒரே இதயத் துடிப்பில் ஓடுங்கள். துடிப்பு பின்தங்கித்தான் மாறும் என்பதால் ஒவ்வொன்றிலும் முதல் 2 நிமிடங்களை விட்டுவிடுங்கள். துடிப்பு 140-ல் சமதளத்தில் 6:00-உம், 4 சதவீத இறக்கத்தில் 5:25-உம் வந்தால், நிஜக் காரணி 325 ÷ 360 = 0.90. சமன்பாடு சொல்வது 0.80. கழிய வேண்டிய 0.20-ல் 0.10 மட்டும் கழிந்திருக்கிறது, ஆகவே k = 0.5. அதே பாதையில் திரும்ப ஏறும்போது 140 துடிப்புக்கு 7:25 அளவில் வந்தால் ஏற்றத்தின் காரணியும் உங்களுக்குப் பொருந்துகிறது. நெஞ்சுப் பட்டை இருந்தால் இந்தச் சோதனைக்கு அதையே போடுங்கள். மணிக்கட்டு உணரி இறக்கத்தின் அதிர்வில் கால் வீச்சின் எண்ணிக்கையைத் துடிப்பாக எடுத்துக்கொள்வது உண்டு.

இப்போது k = 0.5 வைத்து அதே 20 கி.மீ.யைக் கணக்கிட்டால், இறக்கத்துக்கு இணையான தூரம் 6.32 கி.மீ., மொத்தம் 20.97 கி.மீ., ஜிஏபி 5:51. முந்தைய வாரம் சமதளத்தில் 20 கி.மீ. 5:54-ல் ஓடியவர் என்றால் இரண்டும் ஒரே தரத்து ஓட்டம். அசல் சமன்பாட்டின் 6:03-ஐ நம்பியிருந்தால் 9 நொடி பின்தங்கிவிட்டதாக நினைத்து அடுத்த வாரப் பயிற்சியையே மாற்றியிருப்பார். பகுதிகளின் எண்களையும் விட்டுவிடக் கூடாது: சமதளம் 6:00, ஏற்றம் 5:40, இறக்கம் 5:59. சராசரி ஒத்துப்போனாலும் 49 நிமிட ஏற்றம் தேவைக்கு மேல் உழைத்து ஓடப்பட்டிருக்கிறது. இலகுவாக ஓட வேண்டிய நாளில் அது முக்கியமான செய்தி.

காரணி சரியாக இருந்தும் ஜிஏபி கெட்டுப்போவது உயரத் தரவால். நொடிக்கு ஒரு புள்ளி பதிவானால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சுமார் 3 மீட்டர்தான். உயரத்தில் 30 செ.மீ. தடுமாற்றம் இருந்தாலே அது 10 சதவீதச் சரிவாகிவிடும். மேலும் கீழும் தடுமாறினால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று தோன்றும், ஆனால் ஈடுகட்டாது. 10 சதவீத ஏற்றத்தின் காரணி 1.66, இறக்கத்துக்கு 0.60, சராசரி 1.13. முற்றிலும் சமதளமான பாதையில் 6:00-ல் ஓடியவருக்கு ஜிஏபி 5:19 என்று காட்டும். k-ஐக் குறைத்தால் இந்தப் பிழை இன்னும் கூடும்.

எனவே கணக்குக்கு முன் தரவை 50 மீட்டர் துண்டுகளாக மாற்றி, ஒவ்வொரு இடத்திலும் முன்பின் 50 மீட்டரின் உயரச் சராசரியை எடுங்கள். 200, 300 மீட்டர் வரை விரித்தால் குட்டி மேடுகள் தேய்ந்துபோய்த் திருத்தம் குறைவாக வரும். சோதிக்க எளிய வழி: தடகள ஓடுபாதையிலோ, மேடே இல்லாத சாலையிலோ ஓடிய பதிவை அதே கணக்கில் போடுங்கள். ஜிஏபியும் நிஜ பேஸும் 3 நொடிக்கு மேல் விலகினால் சீராக்கல் போதவில்லை.

உயரம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். ஜிபிஎஸ் உயரம் இந்த வேலைக்கு ஆகாது. காற்றழுத்த உணரி துண்டுக்குத் துண்டு வேறுபாட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் வானிலை மாறினால் நகரும். 1 ஹெக்டோபாஸ்கல் மாற்றம் சுமார் 8 மீட்டராகத் தெரியும். தொடங்கிய இடத்திலேயே முடித்தால் இரண்டு உயரங்களையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை நேரத்துக்கேற்பப் பரப்பிக் கழித்துவிடலாம். வேர்வையோ மழைநீரோ உணரியின் துளையை அடைத்தால் உயரம் படி படியாகத் தாவும். வரைபடத்தில் பார்த்ததும் தெரிந்துவிடும், அந்தப் பகுதிக்கு நிலப்பட உயரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். நிலப்பட உயரம் பாலங்களில் மட்டும் சறுக்கும். அது பல நேரம் பாலத்தை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் பள்ளத்தைக் காட்டுவதால், தட்டையான பாலத்தில் செங்குத்தான இறக்கமும் ஏற்றமும் முளைத்துவிடும்.

ஜிஏபி திருத்துவது சரிவை மட்டுமே. வெயில், எதிர்க்காற்று, மணல், கரடுமுரடான தரை எதுவும் இதில் இல்லை. ஏற்றத்தில் நடந்த பகுதிகளுக்கும் இந்தச் சமன்பாடு பொருந்தாது. நடைக்கு மினெட்டி குழு தனி வளைவு தந்திருக்கிறது. ஆகவே நடந்த துண்டுகளை நேரத்தோடு சேர்த்து நீக்கிவிட்டு, மிச்சத்தை ஒப்பிடுங்கள். நின்ற நேரத்தை ஒரு ஓட்டத்தில் கழித்தால் மற்றதிலும் கழியுங்கள். இறக்கம் சாலையிலிருந்து கற்கள் நிறைந்த பாதைக்கு மாறினால் k-ஐ அந்தத் தரையிலேயே மறுபடி அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.