பழைய மெசேஜைத் தேட வட்ஸ்அப்பா, டெலிகிராமா?

எங்கள் வெள்ளவத்தை பிளட்டின் கமிட்டி குரூப்பை வட்ஸ்அப்பிலிருந்து டெலிகிராமுக்கு மாற்றிவிட்டோம். அதற்குக் காரணம் ஸ்டிக்கரோ வேகமோ இல்லை, தேடல்தான். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

இரண்டிலும் சொல் போட்டுத் தேடலாம். திகதியைத் தொட்டு அந்த நாளுக்குப் போகலாம். படம், லிங்க், டொக்கியுமென்ட் என்று பிரித்தும் பார்க்கலாம். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. வித்தியாசம் எங்கே என்றால், ஒரு குரூப்புக்குள் "இவர் எழுதியதை மட்டும் காட்டு" என்று கேட்பதில்தான். டெலிகிராமில் அது முடியும். வட்ஸ்அப் குரூப் தேடலில் அப்படி ஒரு வடிகட்டியை நான் காணவில்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு எங்கள் தண்ணி மோட்டரே சாட்சி. 2023 ஜூனில் புது மோட்டர் போட்டபோது, பொருளாளர் அண்ணா கடை, விலை, வாரண்டி எல்லாவற்றையும் வட்ஸ்அப் குரூப்பில் எழுதியிருந்தார். பிறகு மோட்டர் எரிந்தது. வாரண்டி எத்தனை வருஷம் என்பதில் எல்லாரும் ஒவ்வொரு கதை சொன்னார்கள். சரி, மெசேஜைப் பார்ப்போம் என்று "மோட்டர்" என்று தேடினேன். வந்து குவிந்ததெல்லாம் "மோட்டர் போடுங்கோ", "மோட்டர் நிப்பாட்டுங்கோ", "ஆரப்பா மோட்டர் போட்டது, டேங்க் வழியுது". மாடித் தொட்டி வைத்த வீட்டில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். நாளாந்தம் எழுதப்படும் ஒரு சொல்லை வைத்துத் தேடுவது கடலில் உப்பைத் தேடுகிற வேலை.

ஆகவே அரிதான சொல்லுக்குப் போனேன். "வாரண்டி" என்று போட்டேன், ஒன்றுமில்லை. கடைசியில் வழி காட்டியது காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டை. அதில் ஜூன் 14 என்று இருந்தது. தேடல் பெட்டிக்குப் பக்கத்திலுள்ள கலண்டரில் ஜூன் 13ஐத் தொட்டு, அங்கிருந்து கீழே உருட்டிக்கொண்டு வந்தேன். மெசேஜ் இருந்தது: "Old moor street கடை, 2 yrs warranty, bill கீழே." எங்கள் ஆட்கள் எழுதுவது இப்படித்தான். பழைய சோனகத் தெரு என்றோ வாரண்டி என்றோ தமிழில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? தேடல் எழுத்தைத்தான் பார்க்கும், பொருளைப் பார்க்காது.

இதே மெசேஜ் டெலிகிராமில் இருந்திருந்தால் எப்படித் தேடியிருப்பேன்? குரூப்பைத் திறந்து, மூன்று புள்ளியில் Search எடுத்தால், கீழே கலண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உருவம் இருக்கும். அதைத் தொட்டுப் பொருளாளரைத் தெரிவு செய்தால் அவர் எழுதியவை மட்டும் வரும். சொல் எதுவும் போடத் தேவையில்லை. இதுதான் எனக்குத் தீர்மானமான விஷயம். அவர் "motor" என்று எழுதினாரா, "மோட்டர்" என்று எழுதினாரா, "பம்" என்று எழுதினாரா என்ற தலையிடியே இல்லை. ஒரு வேலையை யார் பொறுப்பெடுத்தார் என்பது நினைவில் நிற்கும். அவர் என்ன சொல்லைப் பாவித்தார் என்பது யாருக்கு நினைவிருக்கப் போகிறது?

வட்ஸ்அப்பிலேயே இருக்கப் போகிறவர்களுக்கு ஒரு சுற்றுவழி உண்டு. Export chat கொடுத்து, படங்கள் இல்லாமல் எழுத்தை மட்டும் வெளியே எடுக்கலாம். கிடைக்கும் கோப்பில் ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னால் திகதியும், உங்கள் போனில் சேமித்த பெயரும் இருக்கும். அதற்கு chat.txt என்று பெயர் வைத்து, லினக்ஸ் அல்லது மக் கணினியில் இப்படி வடிகட்டலாம்:

```
grep -A 4 "பொருளாளர்:" chat.txt
```

பெயருள்ள வரியோடு அடுத்த நான்கு வரிகளையும் காட்டச் சொல்லும் இந்த `-A 4` முக்கியம். ஒருவர் பல வரியில் எழுதினால் முதல் வரியில் மட்டும்தான் பெயர் வரும். அது இல்லாமல் தேடினால் விலை, வாரண்டி இருக்கும் அடுத்த வரிகள் விடுபட்டுப் போகும். நீளமான குரூப் என்றால் எல்லாம் வெளியே வராது, அண்மைய மெசேஜ்களிலிருந்து ஓர் எல்லை வரைதான் வரும். Advanced chat privacy போட்டிருக்கும் குரூப்பில் இந்த வழியே அடைபட்டுவிடும்.

தமிழில் தேடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சொல்லின் தொடக்கத்தைக் கொடுத்தால் வட்ஸ்அப் முழுச் சொல்லையும் பிடிக்கும். நடுத்துண்டைக் கொடுத்தால் பிடிக்காது. "மோட்ட" என்று நிறுத்தினால் மோட்டர், மோட்டார், மோட்டருக்கு எல்லாம் வரும். "தொட்டி" என்று போட்டால் "தண்ணித்தொட்டி" வராது. ஆகவே வேற்றுமை உருபு ஒட்டுமுன் சொல்லை வெட்டிக் கொடுப்பதுதான் கெட்டித்தனம். டெலிகிராம் இந்த விஷயத்தில் பின்தங்கியே இருக்கிறது. பாதிச் சொல்லுக்குச் சில நேரம் கையை விரித்துவிடும், ஆகவே அங்கே முழுச் சொல்லாகவே போடுகிறேன். ஆள் வடிகட்டி இருப்பதால்தான் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்கிறேன்.

திகதி விஷயத்தில் இரண்டு கலண்டரும் ஒரே மாதிரித்தான்: அந்த நாளுக்குத் தூக்கிக்கொண்டு போய் விடும், அவ்வளவுதான். "மே தொடங்கி ஜூலை வரை இந்தச் சொல்" என்று எல்லை போட்டுக் கேட்க அங்கே இடமில்லை.

அடுத்தது, மெசேஜ் எங்கே இருக்கிறது என்பது. வட்ஸ்அப் தேடுவது உங்கள் போனில் இருப்பதை. முனைக்கு முனை மறையாக்கம் என்பதால் நிறுவனத்தின் சேர்வரில் தேடுவதற்கு ஒன்றுமில்லை. பெக்கப் எடுக்காமல் போனை மாற்றினால் பழையது போனது போனதுதான். கணினியில் இணைத்துப் பார்த்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் "போனில் பாருங்கள்" என்று நின்றுவிடும். கமிட்டிக்கு ஆண்டுதோறும் புதுச் செயலாளர் வருவார். இரண்டு வருஷத்துக்கு முந்திய மோட்டர் கதை அவருடைய போனில் எப்படி இருக்கும்? டெலிகிராமில் எல்லாம் சேர்வரில் இருப்பதால் புதிதாகச் சேர்ந்தவரும் தேடலாம். ஆனால் அது தானாக நடக்காது. அட்மின் Chat history for new members என்பதை Visible ஆக்கியிருக்க வேண்டும். சின்னக் குரூப்பில் அது மூடியே இருக்கும், நாங்களும் கையால்தான் மாற்றினோம்.

அந்த வசதிக்கும் விலை உண்டு. டெலிகிராம் குரூப்பில் முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது. அதனால் அடையாள அட்டைப் படம், வங்கிக் கணக்கு விபரம் எதையும் அங்கே போடுவதில்லை என்று முதல் நாளே பேசிக்கொண்டோம். குடும்பக் குரூப்பை நான் வட்ஸ்அப்பிலேயே விட்டு வைத்திருப்பதும் இதனால்தான்.

இரண்டும் கைவிடும் இடம் படமும் குரலும். பில்லைப் படமெடுத்துப் போட்டால் அதிலுள்ள எழுத்து தேடலுக்குத் தெரியாது, கீழே எழுதும் குறிப்புத்தான் தெரியும். எனவே பில் போடுபவர் அடியில் `#bill motor` என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். டெலிகிராமில் அந்த `#bill` குறியைத் தொட்டாலே பில்கள் வரிசையாக வரும். பெரும்பாலானோர் எழுதுகிறார்கள். ஐந்தாம் மாடி ஐயா மட்டும் எல்லாவற்றையும் வொய்ஸில்தான் சொல்லுவார். அவர் சொன்னதைச் சுருக்கி ஒரு வரியில் எழுதிப் போடுவது இப்போது செயலாளரின் வேலை.