மாதக் கணக்கு கொடுக்கிறீர்களா? நான் ஏமாந்த கதையைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

சிறிய அச்சகம் நடத்துகிறேன். மூன்று ஆண்டுகளாகத் தவறாமல் பணம் கொடுத்துவந்த ஒரு நிறுவனத்துக்கு மாதக் கணக்கு திறந்துகொடுத்து, மூன்றே மாதங்களில் பெரிய தொகையை இழந்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எப்படி ஏமாந்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். இதே பள்ளத்தில் இன்னொருவர் விழக் கூடாது.

தொகைகளைப் பணமாகச் சொல்லாமல் அலகாகச் சொல்கிறேன். அந்த நிறுவனம் மாதம் சராசரியாக 100 அலகுக்கு வேலை கொடுத்துவந்தது. ஆகவே கடன் வரம்பையும் 100 என்று வைத்தேன். மாதக் கடைசியில் பில், அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பணம். கேட்பதற்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் தவறே இதில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதக் கடைசியில் 100க்குப் பில் போடுகிறோம். பணம் வருவதற்குள் அடுத்த மாதத்தில் பாதி ஓடிவிடுகிறது, அதற்குள் இன்னொரு 50க்கு வேலை போய்விடுகிறது. அதாவது நாணயமாக நடந்துகொள்ளும் வாடிக்கையாளர்கூட ஒவ்வொரு மாதமும் 150ஐத் தொடுவார். நான் வைத்த 100 வரம்பை அவர்கள் முதல் பில்லுக்குப் பணம் வர வேண்டிய நாளுக்குள்ளேயே, எந்தத் தப்பும் செய்யாமலேயே தாண்டினார்கள். நானும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். வரம்பு மீறப்படுவது எனக்குப் பழகிவிட்டது. பிறகு உண்மையிலேயே அபாயமாக மீறப்பட்டபோது அது என் கண்ணில் படவில்லை.

முதல் மாதப் பில் 100. 15ஆம் தேதி 60 வந்தது. மீதி அடுத்த வாரம் என்றார்கள். அந்த மாதம் வேலை கூடி 130 ஆனது. பழைய 40ஐச் சேர்த்தால் பாக்கி 170. இரண்டாவது முறை 70 வந்தது. போன தடவையைவிடக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்களே என்று நிம்மதியடைந்தேன். பாக்கி 100 நின்றிருந்தது, அதைப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் வேலை 180க்கு ஏறியது. மூன்றாவது முறை வந்தது 50.

அன்று பேரேட்டில் பாக்கி 230 என்று இருந்தது. ஆனால் என் பணம் அங்கே மாட்டியிருந்தது 230 அல்ல. பில் போட்ட பிறகு டெலிவரி செய்திருந்த துண்டறிக்கைகளும் லெட்டர் ஹெட்டுகளும் 90க்கு இருந்தன. அவர்களுடைய கேட்லாக் ஒன்று 110க்கு, அச்சு முடிந்து பைண்டிங்குக்குக் காத்திருந்தது. எல்லாம் சேர்த்தால் 430. நான் பேரேட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். டெலிவரி சலான் புத்தகம் ஒரு மேசையில், வேலைச் சீட்டுகள் இன்னொரு மேசையில். இரண்டையும் பேரேட்டோடு சேர்த்துக் கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வேறொருவர் பெயர் போட்டு அச்சடித்த கேட்லாக்கை யாரிடம் விற்பது? கழிவுக் காகித எடைக்குத்தான் போகும். வாடிக்கையாளருக்கென்றே செய்துதரும் வேலை எதுவானாலும், தொடங்கிய நாளிலேயே அதையும் கடனாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது திரும்பிப் பார்த்தால் அறிகுறிகள் பளிச்சென்று தெரிகின்றன. மூன்று ஆண்டுகளும் பில் தொகையைக் கடைசிக் காசுவரை கொடுத்தவர்கள், திடீரென்று பில்லோடு பொருந்தாமல் 60, 70, 50 என்று ரவுண்டாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். கையில் இருப்பதைப் பலருக்கும் பங்கிட்டுக் கொடுப்பவர்தான் அப்படிக் கொடுப்பார். பணம் குறையக் குறைய ஆர்டர் கூடியது. ஒவ்வொரு முறையும் பணம் வந்த மறுநாளே ஓர் அவசர ஆர்டர் வந்தது. மற்ற அச்சகங்கள் கடனை நிறுத்தியதால்தான் அவர்களுடைய வேலையெல்லாம் என்னிடம் வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நானோ அதை என் தொழில் வளர்வதாக நினைத்தேன்.

பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. முழுப் பாக்கியையும் கேட்டபோது, முதல் மாதப் பில்லில் நிறம் சரியில்லை, அதனால்தான் 40ஐ நிறுத்திவைத்தோம், பிறகு கொடுத்ததெல்லாம் மற்றப் பில்களுக்கு என்றார்கள். அந்த வேலை டெலிவரியாகி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன, அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எந்தத் தொகை எந்தப் பில்லுக்கு என்று நான் ஒருமுறையும் எழுதிக் கேட்டதில்லை. ரசீதில் ‘கணக்கில் வரவு’ என்று மட்டும் போட்டிருந்தேன். அதுவே எனக்கு எதிராகப் போயிற்று.

நினைவூட்டல் அனுப்பாமல் இல்லை. நான் அனுப்பியது இது: ‘வணக்கம் ஐயா, வசதிப்படும்போது பாக்கியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.’ தொகை இல்லை, தேதி இல்லை, பில் எண் இல்லை. போதாக்குறைக்கு அதை அனுப்பியது ஆர்டர் கொடுக்கும் மேலாளருக்கு. அவர் நல்ல மனிதர், ஒவ்வொரு முறையும் ‘சொல்லிவிடுகிறேன்’ என்று பதில் போட்டார். பணம் கொடுக்கும் கணக்காளரின் எண் என்னிடம் இல்லவே இல்லை.

மரியாதையாகக் கேட்பதும் மழுப்பலாகக் கேட்பதும் ஒன்றல்ல. இப்போது பில் போன ஐந்தாம் நாள் கணக்காளருக்கு இப்படி எழுதுகிறேன்:

‘வணக்கம் ஐயா. பில் எண் 214, தொகை 48, கிடைத்திருக்கும் என நம்புகிறேன். வேலையிலோ தொகையிலோ குறை இருந்தால் இந்த வாரமே சொல்லுங்கள், சரிசெய்துவிடுகிறோம். கெடு தேதி 25. நன்றி.’

இதில் பணம் கேட்கவே இல்லை. குறை உண்டா என்றுதான் கேட்கிறேன். ‘சரியாக இருக்கிறது’ என்று அவர் போடும் பதிலைப் பில்லோடு வைத்துக்கொள்கிறேன். மூன்று மாதம் கழித்து நிறம் சரியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கெடு நாளன்று ஒரு வரி. ஒரு வாரம் தாண்டினால் தொலைபேசியில் நானே பேசுகிறேன், எந்தத் தேதியில் எவ்வளவு என்று கேட்டு அதை எழுதியும் அனுப்புகிறேன். இரண்டு வாரம் தாண்டினால் புதிய வேலை எடுப்பதில்லை. இது கணக்குத் திறக்கும் நாளிலேயே கையெழுத்தான தாளில் இருப்பதால், நிறுத்தும்போது சங்கடம் இல்லை. பகுதித் தொகை வந்தால் பழைய பில்லில் வரவு வைத்து, மீதி எவ்வளவு என்று அன்றே எழுதி அனுப்பிவிடுகிறேன்.

பில்லை மாதம் இருமுறை போடுவதுதான் நான் செய்த பெரிய மாற்றம். மாதம் 100க்கு வேலை கொடுப்பவருக்கு 50, 50 ஆக இரண்டு பில். ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் தவணை. அந்தப் பத்து நாளில் சேரும் புது வேலை ஏறக்குறைய 33. ஆக, ஒழுங்காகக் கொடுப்பவர் 83ஐத் தாண்டமாட்டார். முன்பு 150 மாட்டியிருந்த இடத்தில் இப்போது அதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல்தான். வரம்பை 90 என்று வைத்திருக்கிறேன். பேரேடு, சலான், வேலைச் சீட்டு மூன்றையும் கூட்டி, தாண்டினால் மிஷினில் ஏற்றுவதில்லை. ஐந்து வாடிக்கையாளர்களிடம் இந்தத் தாளை நீட்டினேன். நால்வர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். அவரிடம் இருந்த பழைய பாக்கி இன்னும் வரவில்லை.

அந்த 430இல் இதுவரை எனக்கு வந்திருப்பது 90. கேட்லாக் கட்டுகள் அச்சகத்தின் பின்னறையில் பைண்டிங் ஆகாமல் அப்படியே கிடக்கின்றன.