பழைய சேமிப்புக் கணக்கா, என்.ஆர்.இ.யா? சிங்கப்பூர்ச் சம்பளம் எங்கே போய்ச் சேர வேண்டும்

தேக்காவில் பணம் அனுப்பும் கடைகளில் வரிசையில் நிற்கும் தம்பிகளில் பலர், ஊரில் இருந்தபோது திறந்த சேமிப்புக் கணக்குக்கே இன்றும் சம்பளத்தை அனுப்புகிறார்கள். "கணக்கு என் பேருலதானே இருக்கு, இதுல என்ன தப்பு அண்ணே?" என்று கேட்பார்கள். பேர் சரிதான். ஆனால் வேலைக்கென்று வெளிநாடு கிளம்பிய நாளிலிருந்தே, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் கண்ணில் அவர் இந்தியாவில் வசிக்காதவர். அப்படிப்பட்டவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியிடம் சொல்லி, வெளிநாட்டில் வசிப்பவரின் உள்ளூர் வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும்.

சொல்லாமல் விட்டால் உடனே யாரும் வந்து கேட்கப் போவதில்லை. அதுதான் சிக்கலே. பல வருடம் கழித்து வங்கி கே.ஒய்.சி. புதுப்பிக்கச் சொல்லும்போது பாஸ்போர்ட்டில் விவகாரம் வெளியே வரும். கணக்கு முடங்கவும் செய்யலாம். விதிமீறிய தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் போட ஃபெமாவில் இடமும் இருக்கிறது.

சரி, என்.ஆர்.ஓ.வா, வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போட்டு வைக்கும் என்.ஆர்.இ.யா? பத்து லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு ஒரு வருட வைப்பில் போடுவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 70,000 ரூபாய். என்.ஆர்.ஓ.வில் வங்கி 31.2 சதவீதம் பிடித்துக்கொள்ளும், அதாவது 21,840 ரூபாய். இந்தியாவில் வேறு வருமானம் இல்லாதவர் வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பக் கிடைக்கும். ஆனால் தாக்கல் செய்தாக வேண்டும். என்.ஆர்.இ.யில் எதுவும் பிடிக்க மாட்டார்கள், வட்டிக்கு வரியே கிடையாது.

வரியைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. என்.ஆர்.இ. பணத்தை எப்போது வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் சிங்கப்பூருக்குத் திரும்பக் கொண்டுவரலாம். என்.ஆர்.ஓ.வில் போய்ச் சேர்ந்த பணத்தை வெளியே எடுக்க வரி கட்டிய சான்று, படிவங்கள், நிதியாண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரம்பு எல்லாம் உண்டு. அந்த வரம்பு நமக்கு எட்டாத உயரம், ஆனால் காகித வேலை எல்லோருக்கும் ஒன்றுதான். இங்கே உழைத்துச் சேர்த்த வெள்ளியைப் பழைய கணக்கில் போட்டவருக்கும் கடைசியில் இதே அலைச்சல்தான்.

அதனால் என் யோசனை: இரண்டும் வேண்டும். பழைய கணக்கு என்.ஆர்.ஓ. ஆகட்டும், ஊர் வீட்டு வாடகையும் நிலக் குத்தகையும் அதிலேயே வரட்டும், வரி கட்டியதைக் காட்டாமல் என்.ஆர்.இ.யில் போட விடமாட்டார்கள். சம்பளத்துக்கு மட்டும் தனியாக ஒரு என்.ஆர்.இ. கணக்கு. பாஸ்போர்ட், வேலை அனுமதி அட்டை, சிங்கப்பூர் முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்கள் கேட்பார்கள். இந்தியன் வங்கிக்கும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் இங்கேயே கிளைகள் உண்டு.

"அப்போ வீட்டுக்காரி மாசச் செலவுக்கு என்ன பண்ணுவா?" என்ற கேள்வி நியாயமானது. அவர் தன் பெயரில் ஒரு சாதாரணக் கணக்கு வைத்திருந்தால், குடும்பச் செலவுக்கான பணத்தை நேராக அதற்கே அனுப்பலாம், தவறில்லை. சேமிப்பு மட்டும் என்.ஆர்.இ.க்குப் போகட்டும்.

இனி, ஒரேயடியாக ஊருக்குத் திரும்பும்போது. இங்கேதான் பலர் என்.ஆர்.இ.யை மாற்றாமல் அப்படியே விடுகிறார்கள், வட்டிக்கு வரியில்லையே என்று. அந்தச் சலுகை கணக்கின் பெயருக்குக் கொடுத்ததல்ல, வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கொடுத்தது. நிரந்தரமாகத் தங்க ஊர் வந்துவிட்டால் அந்த நாளோடு சலுகை முடிந்தது, பாஸ்புக்கில் என்.ஆர்.இ. என்றே இருந்தாலும். விடுமுறைக்கு வந்தவருக்கு இது பொருந்தாது.

வழி இரண்டு. உள்ளூர்க் கணக்காக மாற்றலாம், அல்லது ஆர்.எஃப்.சி. என்ற வெளிநாட்டு நாணயக் கணக்குக்குப் பணத்தை நகர்த்தலாம். ஆர்.எஃப்.சி. பணத்தை வெளிநாட்டில் தடையின்றிச் செலவழிக்கலாம், மறுபடி வெளிநாடு போனால் என்.ஆர்.இ.க்குத் திருப்பலாம். நீண்டகாலம் வெளியே இருந்து திரும்பியவருக்கு வரிச்சட்டம் முதலில் ஓர் இடைநிலை அந்தஸ்து தருகிறது. அது நீடிக்கும் வரை ஆர்.எஃப்.சி. வட்டிக்கு வரியில்லை. பிள்ளை இங்கே படிக்கிறது, திரும்ப வரும் வாய்ப்பு இருக்கிறது என்றால் அதுவே சரி. வீடு கட்டவும் கடை போடவும்தான் பணம் என்றால் உள்ளூர்க் கணக்கே போதும். எப்படியும் ரூபாயாகத்தான் செலவாகப் போகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் என்.ஆர்.இ. வைப்பை அவசரப்பட்டு உடைக்காதீர்கள். ஒரு வருடம் முடியுமுன் உடைத்தால் வட்டியே கிடையாது. உள்ளூர் வைப்பாக மாற்றித் தரும்போது அதே வட்டி விகிதம் முதிர்வு வரை தொடருமா என்று கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திரும்பிய தேதிக்கு முந்திய வட்டி எவ்வளவு, பிந்தியது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் சான்றையும் அன்றே கேளுங்கள், வரிக் கணக்குக்கு அது வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கும் கணக்கை மூடியே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், ஃபெமா அப்படிச் சொல்லவில்லை. வெளிநாட்டில் வசித்தபோது சம்பாதித்ததை ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே வைத்திருக்க அதன் 6(4) பிரிவு அனுமதிக்கிறது. இடைநிலை முடிந்த பிறகு அந்தக் கணக்கை வரித் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும்.