மைல்ஸ் டிக்கெட்: குறைவான மைல்ஸா, குறைவான பணமா?

கிருஷ்ணகிரியில் அக்கா வீட்டில் போன வாரம் இதைப் பற்றித்தான் பேச்சு. மகளைப் பார்க்க பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் போய்வர வேண்டும், விமானத்தில் பறந்ததற்குப் புள்ளிகளாகத் தரும் மைல்ஸ் ரெண்டு திட்டங்களில் சேர்ந்திருக்கிறது, எதில் டிக்கெட் எடுப்பது? "குறைவா கேக்கிறதுல போட்டுடுடா" என்றார் அக்கா. எனக்கு அது சரியாகப் படவில்லை.

பொதுவாக மைல்ஸ் ஈடுகட்டுவது அடிப்படைக் கட்டணத்தை மட்டும்தான். விமான நிலையக் கட்டணமும் அரசு வரியும் பெரும்பாலான திட்டங்களில் நம் கையிலிருந்துதான் போகும். அதற்கு மேல் சில நிறுவனங்கள் தங்களுக்கென்று சர்சார்ஜ் என்று ஒரு கூடுதல் கட்டணம் போடும், சில போடாது. பணம் கட்டும் பக்கத்தில் வரி விவரத்தைத் திறந்தால் YQ அல்லது YR என்று தெரிவது அதுதான்.

கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கினால் டிக்கெட் 24,000 ரூபாய். முதல் திட்டம் 20,000 மைல்ஸும் 14,000 ரூபாயும் கேட்கிறது, மிச்சமாவது 10,000 ரூபாய், அதாவது ஒரு மைலுக்கு 50 பைசா. சர்சார்ஜ் இல்லாத இரண்டாவது திட்டம் 25,000 மைல்ஸும் 6,000 ரூபாயும் கேட்கிறது, மிச்சம் 18,000, மைலுக்கு 72 பைசா. கூடுதல் மைல்ஸ் கேட்பதுதான் இங்கே லாபம்.

அப்புறம் தேதி மாற்றம். மாமாவுக்கு மாங்கூழ் வியாபாரம், மழையைப் பொறுத்து சீசன் பத்து நாள் தள்ளிப்போகும், அது முடியாமல் அக்காவால் கிளம்ப முடியாது. அதனால் தேதியை விருப்பப்படி மாற்றக்கூடிய வகையையே எடுக்கலாம் என்று மாமா சொன்னார். அதே இரண்டாவது திட்டத்தில் அதற்கு 40,000 மைல்ஸ், மைலுக்கு 45 பைசாதான் தேறுகிறது. 25,000 மைல்ஸ் கேட்கும் மலிவு வகையை எடுத்து, ஒரு முறை 2,500 ரூபாய் கட்டித் தேதி மாற்றினாலும் 62 பைசா நிற்கிறது. ஆனால் புதிய தேதியில் மலிவு வகை சீட் காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கூடுதல் மைல்ஸ் கேட்பார்கள், மாமாவின் பயம் அந்த இடத்தில் நியாயமானது.

ரத்து செய்தால் வரிப் பணம் திரும்பும், மைல்ஸும் ஒரு கட்டணம் கழித்துக்கொண்டு கணக்குக்கு வரும். அதற்குள் காலாவதித் தேதி கடந்துவிட்ட மைல்ஸ் பெரும்பாலும் போனதுதான். சொல்லாமல் விமானத்தைத் தவறவிட்டால் பல திட்டங்களில் மைல்ஸ் மொத்தமும் போய்விடும். ஓசூர் தாண்டி பெங்களூர் நெரிசலைக் கடந்து தேவனஹள்ளி விமான நிலையம் போக வேண்டியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை, தாமதமாகும் என்று தெரிந்தவுடன் வண்டியில் இருந்தபடியே மாற்றிவிட வேண்டும்.

கடைசியில் இரண்டாவது திட்டத்தில் மலிவு வகைதான் எடுத்தோம், ஆகஸ்ட் நடுவில். அதற்கு அடுத்த வாரத்திலும் மலிவு சீட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டினேன்.