ஜூலை 10, 1806: யாருடைய நாளில் இந்தப் பாடத்தைச் சொல்வது?

வேலூர்ப் புரட்சிப் பாடத்துக்காக நான் தயாரித்த 14 ஸ்லைடுகளை ஒருவருடைய ஒரே நாளில் நடக்கும் சிறுகதையாக மாற்ற முனைந்தபோது, இரண்டு பாத்திரங்கள் போட்டியிட்டன: கோட்டைக்குள் இருந்த சிப்பாய் ஒருவர், ஆற்காட்டிலிருந்து வந்த மதராஸ் குதிரைப்படை வீரர் ஒருவர். திப்புவின் குடும்பம் சிறைவைக்கப்பட்டிருந்த அரண்மனையின் பணியாளையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் அவர் சுவர்களுக்குள்ளேயே அடைபட்டிருப்பதால் விட்டுவிட்டேன்.

குதிரை வீரருடைய நாளில் ஓட்டம் இருக்கிறது. விடியலில் ஆற்காட்டுக்குச் செய்தி எட்டுகிறது. பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் கில்லெஸ்பி முன்னால் விரைய, குதிரைகள் இழுக்கும் சிறு பீரங்கிகளும் குதிரைப்படையும் ஏறத்தாழ 25 கிலோமீட்டரைக் கடந்து வேலூரை அடைகின்றன. பிறகு வாயில் தகர்க்கப்படுகிறது. புரட்சி எப்படி அடக்கப்பட்டது என்பதை இவரைவிட நன்றாகக் காட்ட எவருமில்லை. ஆனால் அது ஏன் வெடித்தது என்பது இவர் கண்ணில் படாது. அதைச் சொல்ல வேண்டுமானால், வழியில் யாரோ ஒருவர் இவருக்கு விளக்குவதாக எழுத வேண்டும். அப்போது கதை நின்று ஸ்லைடு பேசத் தொடங்கிவிடும்.

சிப்பாயிடம் அந்தக் காரணம் தலையிலேயே இருக்கிறது. 1805 நவம்பரில் வந்த ஆணை நெற்றியில் சமயக் குறிகளைத் தடுத்தது. தாடியை மழிக்கவும், தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகையை அணியவும் சொன்னது. என் மூன்றாவது ஸ்லைடில் இது நான்கு வரிப் பட்டியல். கதையிலோ, இரவுக் காவலுக்குப் புறப்படுகிறவர் திருநீற்றைத் துடைத்துவிட்டு அந்தத் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறார் என்று எழுதினேன். மறுத்தவர்கள் சவுக்கடி பட்டதை அவர் நண்பருடைய முதுகுத் தழும்பு சொல்லிவிடுகிறது. அதிகாலையில் வெள்ளையர் குடியிருப்பை நோக்கிச் சுடும் ஓசையும், பிறகு ஏற்றப்படும் மைசூர்க் கொடியும் அவர் பார்வைக்குள்ளேயே வருகின்றன.

இந்தத் தேர்விலும் குறையுண்டு. சிப்பாய்க்குக் கில்லெஸ்பியின் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மதிலுக்கு வெளியே எழும் புழுதியும் குளம்பொலியும் மட்டுமே தெரியும். என் முதல் வரைவில் அவர் ‘1857க்கு அரை நூற்றாண்டு முன்பே’ என்று நினைத்துக்கொண்டார். ஆசிரியர் கதைக்குள் நுழைந்துவிட்டார் என்பதற்கு அதுவே அடையாளம். அந்த வரியை நீக்கினேன். எவர் வாயில் எந்தத் தகவல் பொருந்தவில்லையோ அதை ஸ்லைடிலேயே விட்டுவிட வேண்டும் என்ற முடிவுக்கு அப்போதுதான் வந்தேன். ஆளுநர் பெண்டிங்க்கும் தளபதி கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டதும், திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டதும் அப்படித்தான் கதைக்கு வெளியே நின்றன.

ஆகவே சிப்பாயையே தேர்ந்தெடுத்தேன். அரண்மனைக்குள் தஞ்சம் புகுந்த சிப்பாய்கள் ஏறத்தாழ நூறு பேர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள் என்ற ஸ்லைடை எட்டாம் வகுப்புக்குக் காட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடலாம். அந்த வரிசையில் நிற்கிறவருடைய நாள் நண்பகலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது, கதையும் அங்கேயே நிற்கிறது.